முதுகு கலர் பார்த்து புக் அடுக்கினா தேடுறது ஈஸியா, கஷ்டமா?

கேள்வி: "அண்ணே, நாங்க கீழக்கரை. வீட்ல 400 புக்குக்கு மேல இருக்கு. தங்கச்சி ரீல்ஸ் பார்த்துட்டு லீவுல எல்லாத்தையும் முதுகு கலர் வாரியா வானவில் மாதிரி அடுக்கி வச்சுட்டா. பார்க்க சூப்பரா இருக்கு. ஆனா வாப்பா தேடுற புக்கு ஒண்ணும் அவர் கைக்கு வர மாட்டேங்குது, தினம் சண்டை. தங்கச்சி மட்டும் கேட்டவுடனே எடுத்து தர்றா. பழையபடி மாத்திடலாமா, இல்ல இப்படியே விடலாமா?"

தம்பி, உங்க கேள்வியோட கடைசி பகுதியிலயே பாதி பதில் இருக்கு, தங்கச்சிக்கு கிடைக்குது வாப்பாவுக்கு கிடைக்கல. ரெண்டு பேரும் ஒரே அலமாரியைத்தான் பார்க்கறாங்க. ஆனா தங்கச்சி 400 புக்கையும் ஒவ்வொண்ணா கையில எடுத்து, அலமாரில நிக்கும்போது வெளிய தெரியுற முதுகைப் பார்த்து, இது பச்சையா நீலமான்னு யோசிச்சு வச்சிருக்கா, அதனால அவ தலைக்குள்ள ஒரு கேட்லாக்கே ஓடுது. வாப்பா அந்த புக்கை வாங்கினவர், படிச்சவர், ஆனா அதோட முதுகு என்ன கலர்னு அவர் என்னைக்கும் கவனிச்சிருக்க மாட்டார். அதனால மாத்தணுமா வேண்டாமான்னு நான் மொட்டையா சொல்றதை விட, எங்க சித்தப்பா வீட்ல (மண்டபம்) இதே கூத்து நடந்தப்ப நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன், உங்க வீட்டுக்கு எது ஒத்து வரும்னு நீங்களே பார்த்துக்குவீங்க. நான் லைப்ரரில புக் அடுக்கியே பல வருஷம் ஓட்டினவன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

சித்தப்பா ரிட்டயர்டு வாத்தியார். பொங்கல் லீவுக்கு வந்த அவர் மக, அதாவது என் தங்கச்சி முறை, ரெண்டு நாள்ல எல்லாத்தையும் கலர் வாரியா அடுக்கிட்டு காலேஜுக்கு கிளம்பி போயிட்டா. அடுத்த வாரமே சித்தப்பா எனக்கு போன் போட்டு "டேய், என் மீன் புக்கை காணோம், யாரோ கொண்டு போயிட்டாங்க"ன்னார். நம்ம கடல்ல கிடைக்கிற மீனைப் பத்தின படம் போட்ட புக்கு அது. நான் போனப்ப அவர் நீலக் கலர் தட்டு முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முதுகா விரலை வச்சு தள்ளித் தள்ளி, இடமிருந்து வலம் ஒரு தடவை, திருப்பி வலமிருந்து இடம் ஒரு தடவை. இல்ல. "நல்லா ஞாபகம் இருக்குடா, முழு நீலம், கடல் படம் போட்டிருக்கும்"ங்கிறார். அவர் சொன்னது சத்தியமா சரி, அட்டை முழுக்க நீலம்தான். ஆனா முதுகு வெள்ளை, அதுல சின்னதா சிவப்பு எழுத்து! புக்கு வெள்ளைத் தட்டுல நடு மத்தியில சமர்த்தா நின்னுட்டு இருந்துச்சு.

இதுதான் இந்த முறையோட முதல் ஓட்டை. நமக்கு ஞாபகத்துல இருக்கிறது புக்கோட முகம், அலமாரி காட்டுறது அதோட முதுகு. பஸ்ல, கட்டில்ல, மடியில வச்சு படிக்கும்போது பூரா நாம பார்க்கறது முன் அட்டையைத்தான். நம்ம தமிழ் புக்குகள்ல முன் அட்டையில பெரிய ஓவியமோ போட்டோவோ இருக்கும், முதுகுக்கு வரும்போது வெள்ளையோ கருப்போ ஒரு பட்டை போட்டு பேரை எழுதி விட்டுருவாங்க. ரெண்டாவது, நம்ம ஞாபகம் கலரோட பேரைத்தான் பிடிச்சு வைக்கும், சரியான ஷேடை இல்ல. "நீலம்"னு ஞாபகம் இருக்கும், ஆனா அது மயில் கழுத்து நீலம், அதை அடுக்கினவ "பச்சை"ன்னு எடுத்துக்கிட்டு பச்சைத் தட்டுல வச்சிருப்பா. காவியா ஆரஞ்சா, மெரூனா பிரவுனா, இந்த மாதிரி எல்லைல நிக்கிற புக்கெல்லாம் அடுக்கினவங்களுக்கு மட்டும்தான் வீட்டு விலாசம் தெரிஞ்ச புக்குகள்.

சரி, அப்ப கலர் சுத்த வேஸ்ட்டான்னா அதுவும் இல்ல. நம்ம கண்ணுக்கு கலரை தேடுறது ரொம்ப லேசு. 1980ல ஆன் ட்ரீஸ்மன்னு ஒரு சைக்காலஜி அம்மா, கெலேட்ங்கிறவரோட சேர்ந்து இதை சோதனை பண்ணி எழுதினாங்க. ஒரே கலர் கூட்டத்துல வேற கலர்ல ஒண்ணு இருந்தா, கூட்டம் பத்தா இருந்தாலும் முப்பதா இருந்தாலும் கண்டுபிடிக்க ஆகுற நேரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுவா கண்ணுல குதிக்கும். ஆனா ரெண்டு குணம் சேர்ந்து பொருந்தணும்னா, அதாவது சிவப்பாவும் இருக்கணும் குறிப்பிட்ட எழுத்தாவும் இருக்கணும்னா, ஒவ்வொண்ணா பார்த்துட்டே போகணும், கூட்டம் கூடக் கூட நேரமும் கூடும். இப்ப இதை அலமாரிக்கு கொண்டு வாங்க. கலந்து கிடக்கிற அலமாரில ஒரே ஒரு ஊதா புக்கு இருந்தா அது தானா கண்ணுல படும், அதை யாரும் அடுக்கி வைக்கவே தேவையில்ல. ஆனா கலர் வாரியா அடுக்கின அப்புறம் 50 நீல புக்குக்கு நடுவுல உங்க நீல புக்கு நிக்கும்போது கலர் தன் வேலையை முடிச்சுருச்சு, மேற்கொண்டு ஒரு உதவியும் பண்ணாது. அதுக்கு மேல தலையைச் சாய்ச்சு ஒவ்வொரு முதுகையும் படிக்கத்தான் வேணும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது போட்டுக் கணக்கு. ராமேஸ்வரம் ஜெட்டில நிக்கிற விசைப்படகு பூரா பச்சை பெயிண்ட்தான். தமிழ்நாட்டு போட்டுன்னா பச்சைன்னு ஸ்டேட்டுக்கு ஒரு கலர் வச்சிருக்காங்க. நடுக்கடல்ல தூரத்துல இருந்து பார்க்கறவனுக்கு அந்த பச்சை ரொம்ப உபயோகம், எந்த ஸ்டேட்டு போட்டுன்னு உடனே தெரிஞ்சிரும். ஆனா ஜெட்டில வந்து நின்னுக்கிட்டு "எங்க மாமா போட்டு பச்சை கலர்"னு சொன்னா சிரிப்பாங்க, அங்க IND-TN-10ன்னு ஆரம்பிக்கிற நம்பரை படிச்சாத்தான் ஆளைப் பிடிக்க முடியும். கலர் எந்த கூட்டம்னு காட்டும், கூட்டத்துக்குள்ள எதுன்னு நம்பரும் பேரும்தான் காட்டும். அப்ப நீங்க பார்க்க வேண்டிய விஷயம் ஒண்ணுதான், உங்க வீட்ல ஒவ்வொரு கலர் கூட்டமும் எவ்வளவு பெருசு?

இதைத்தான் நான் சித்தப்பா வீட்ல முதல்ல பண்ணேன், உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 412. வெள்ளை, சந்தனம், பழுப்பு எல்லாம் சேர்த்து 118. சிவப்பும் பிரவுனும் 83. கருப்பு 71. நீலம் 52. மஞ்சளும் ஆரஞ்சும் 46. பச்சை 31. ஊதாவும் ரோஸும் சேர்த்து வெறும் 11. வானவில்னு பேருதான், நிஜத்துல பாதி அலமாரி வெள்ளையும் கருப்பும்! ரீல்ஸ்ல காட்டுறவங்க வீட்ல எப்படின்னு எனக்கு தெரியாது, நம்ம தமிழ் வீடுகள்ல எண்ணிப் பார்த்தா அநேகமா இப்படித்தான் வரும், ஏன்னா பழைய புக்கெல்லாம் வெள்ளை அட்டை, அதுவும் பழுத்துப் போயிருக்கும்.

இதுல ஒரு சின்ன கணக்கு இருக்கு, பயப்படாதீங்க. 412ஐ ஏழு கூட்டமா பிரிச்சா சராசரி ஒரு கூட்டம் 59 தானேன்னு தோணும். அது தப்பு. நீங்க தேடுற புக்கு பெரிய கூட்டத்துல இருக்கத்தான் சான்ஸ் அதிகம், ஏன்னா அங்கதான் நிறைய புக்கு இருக்கு. அதையும் சேர்த்து போட்டா நீங்க போய் நிக்கிற கூட்டம் சராசரியா 77 புக்கு இருக்கும், அதுல பாதி தூரம் போனா கிடைக்கும்னு வச்சா ஏறக்குறைய 39 முதுகை படிக்கணும். கன்னாபின்னான்னு கலந்து கிடந்தா 206ஐ படிக்கணும். அப்படிப் பார்த்தா கலர் அடுக்கு அஞ்சு மடங்கு லாபம்தான், இதை ஒத்துக்கணும். ஆனா அது கலர் சரியா ஞாபகம் இருந்தா மட்டும். தப்பான கலர்ல போய் நின்னீங்கன்னா, நீலக் கூட்டம் 52ஐயும் முழுசா படிச்சு முடிச்சு, ஒரு வேளை கண்ணுல படாம விட்டுட்டோமோன்னு இன்னொரு தடவை படிச்சு (சித்தப்பா பண்ணது அதுதான்), அப்புறம் மிச்சம் 360ல ஆரம்பிக்கணும். கலந்து கிடந்ததை விட இது மோசம். ஏன்னா கலந்து கிடந்தா ஆளு முதல்லயே எல்லாத்தையும் பார்க்க தயாராத்தான் வருவார். இங்க "இங்கதான் இருக்கணும்"ங்கிற நம்பிக்கை ஒண்ணு இருக்கு, அது உடைஞ்சா புக்கு காணாம போச்சுன்னே முடிவு பண்ணிருவோம், எதிர் வீட்டுக்காரன் மேல பழி போடுவோம்.

உங்க வீட்ல யாருக்கு ஒத்து வருதுன்னு வாயால சண்டை போடாம ஒரு டெஸ்ட் வச்சுக்கங்க. வாப்பா சமீபத்துல கேட்ட மாதிரி 12 புக்கு பேரை துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு போடுங்க. சீட்டை தங்கச்சி எழுதக் கூடாது, அவளுக்கு சுலபமானதா எழுதிருவா. ஒவ்வொருத்தரா வந்து சீட்டு எடுத்து, அலமாரிக்கு போறதுக்கு முன்னாடியே "இது இன்ன கலர்"னு வாயால சொல்லிட்டு தேடணும், போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடட்டும், ரெண்டு நிமிஷம் தாண்டினா கிடைக்கலன்னு கணக்கு. சித்தப்பா வீட்ல அவர் மக அடுத்த லீவுக்கு வந்தப்ப பண்ணோம். அவ 12ல 11 கலரை சரியா சொன்னா, அநேகமா எல்லாமே அரை நிமிஷத்துக்குள்ள கையில வந்துச்சு. சித்தப்பா 12ல 5 கலர்தான் சரியா சொன்னார். வேடிக்கை என்னன்னா, அந்த அஞ்சு புக்கையும் அவர் மகளை விட வேகமா எடுத்தார். அதெல்லாம் அவர் தினம் புரட்டுற அகராதி, பஞ்சாங்கம், திருக்குறள் உரை மாதிரி சமாச்சாரம். அப்ப கலர் ஞாபகம்கிறது வயசு விஷயம் இல்ல, எந்த புக்கை எத்தனை தடவை அலமாரில இருந்து எடுத்து திருப்பி வச்சிருக்கோங்கிற விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை தொடுற புக்குக்கு யாருக்குமே முதுகு கலர் ஞாபகம் இருக்காது, அந்த புக்கைத்தான் நாம தேடவும் தேடுறோம், பாருங்க கூத்தை.

இன்னொண்ணு, இதை கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க, வாப்பாவுக்கு கலர் பிரிச்சு தெரியுமான்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. சிவப்பு பச்சை குழப்பம் பரம்பரையா வர்றது, எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றதால ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம், பல பேருக்கு தங்களுக்கு இருக்குறதே தெரியாது. என் மச்சான் ஒருத்தன் கப்பல் வேலைக்குன்னு படிச்சு, மெடிக்கல்ல அந்த புள்ளிப் புள்ளியா நம்பர் ஒளிஞ்சிருக்குற தாளை காட்டினப்பதான் அவனுக்கே தெரிஞ்சுது (ஜப்பான் டாக்டர் இஷிஹரா 1917ல கொண்டு வந்த டெஸ்ட் அது, இன்னைக்கும் அதுதான்). கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு லைட்டு வலது பக்கம் பச்சை லைட்டு, அதை பிரிச்சு பார்க்க முடியலன்னா ராத்திரி எப்படி ஓட்டுறது. அந்த மச்சான் கண்ணுக்கு எங்க சித்தப்பா அலமாரியோட பிரவுன், மெரூன், கரும்பச்சை தட்டு மூணும் ஏறக்குறைய ஒரே தட்டு. அந்த மாதிரி ஒருத்தர் வீட்ல இருந்தா கலர் அடுக்கை அவருக்கு தலைகீழா நின்னாலும் பழக்க முடியாது.

இப்ப நல்லதையும் சொல்லணும், இது லைப்ரரில வேலை பார்த்தவன் மட்டும் கவனிக்கிற விஷயம். அலமாரில தேடுறதை விட பெரிய தலைவலி திருப்பி வைக்கிறது. எழுத்தாளர் பேர் வரிசைல அடுக்கினா ஒரு புக்கு இடம் மாறி உட்கார்ந்தா பார்த்தவுடனே தெரியாது. மாசா மாசம் ஒவ்வொரு தட்டா முதுகை படிச்சுக்கிட்டே போய் சரி பண்ணணும், லைப்ரரில அது ஒரு தனி வேலை. இடம் மாறின புக்கு இருந்தும் இல்லாத புக்குதான். கலர் அடுக்குல மட்டும் நீலத்துக்கு நடுவுல ஒரு மஞ்சள் உட்கார்ந்தா வாசல்ல இருந்தே தெரியும். திருப்பி வைக்கிறதுக்கும் எழுத படிக்க தெரியணும்னு அவசியம் இல்ல, மூணு வயசு பிள்ளை கூட வைக்கும். பெரிய ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இதே தந்திரத்தை வேற மாதிரி பண்ணுவாங்க, ஃபைல் ஓரத்துல நம்பருக்கு ஒரு கலர்னு ஒட்டி வச்சிருப்பாங்க, தட்டுல கலர் பட்டை வரிசையா போகும், ஒரு ஃபைல் தப்பா சொருகினா பட்டை உடைஞ்ச மாதிரி தெரியும். அங்க கலர் அச்சடிச்சவன் இஷ்டத்துக்கு வந்தது இல்ல, அடுக்குறவங்க அர்த்தத்தோட ஒட்டினது. சின்னப் பிள்ளைங்க லைப்ரரிலயும் அப்படித்தான், பெங்களூர் ஹிப்போகேம்பஸ்காரங்க படிக்கிற லெவலுக்கு ஏத்தபடி பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, நீலம், மஞ்சள்னு ஸ்டிக்கர் முறை வச்சிருக்காங்க. பிள்ளைக்கு பேர் படிக்கத் தெரியலைன்னாலும் தன்னோட கலர் எதுன்னு தெரியும்.

லைப்ரரி துறைக்கே விதி எழுதின நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே எழுதி வச்சுட்டார், வாசகனோட நேரத்தை மிச்சம் பண்ணுன்னு. அதுல நான் சேர்க்கிற ஒரே விஷயம், எந்த வாசகன்? உங்க வீட்ல தங்கச்சி ஒரு வாசகி, வாப்பா ஒரு வாசகர், ரெண்டு பேருக்கும் வேற வேற சாவி. அதனால கலரை முதல் சாவியா வைக்காம ரெண்டாவது சாவியா வச்சா ரெண்டு பேருக்கும் திறக்கும். சித்தப்பா வீட்ல கடைசில பண்ணது இதுதான்.

முதல்ல இருக்கிற வானவில்லை தட்டு தட்டா போட்டோ எடுத்து வச்சுக்கிட்டோம், பிடிக்கலன்னா திருப்பி அடுக்க. அப்புறம் எல்லாத்தையும் தரைல பாய் விரிச்சு இறக்கி, என்ன விஷயம்னு மட்டும் பார்த்து பிரிச்சோம். கதை, சாமி சம்பந்தப்பட்டது, ஊர் வரலாறு, பாடப் புக்கு, மீனு செடி கொடி மாதிரியானது, அகராதி வகையறான்னு ஆறு குவியல், அவ்வளவுதான். இதுக்கு மேல பிரிக்காதீங்க. கட்டுரைல இலக்கியக் கட்டுரை தனியா அரசியல் கட்டுரை தனியான்னு போனீங்கன்னா உங்களுக்கே ரெண்டு மாசத்துல எது எங்கன்னு மறந்துரும். பெரிய குவியல் கதைதான், 168 வந்துச்சு. ஒவ்வொரு குவியலையும் ஒரு தட்டுக்கோ ரெண்டு தட்டுக்கோ ஏத்திட்டு, அந்த தட்டுக்குள்ள மட்டும் தங்கச்சி இஷ்டப்படி கலர் வாரியா அடுக்கிக்கன்னு விட்டோம். ஒரே பெரிய வானவில் போய் ஆறு குட்டி வானவில் ஆச்சு, அவளுக்கு முதல்ல மூஞ்சி தொங்கிப் போச்சு, அப்புறம் இதுவும் நல்லாத்தான் இருக்குன்னுட்டா.

இப்ப கணக்கு பாருங்க. கதைல வெள்ளை 44. சித்தப்பா ஒரு கதை புக்கு தேடினா, கலர் ஞாபகம் இருந்தா அதிகபட்சம் 44க்குள்ள, சராசரியா 22 முதுகு. கலர் தப்பா போனாலும் 168ஓட நின்னுரும், 412 வரைக்கும் ஓட வேண்டியதில்ல. மீன் புக்கு இருக்கிற தட்டுல மொத்தமே 38 புக்கு, அங்க கலரே தேவையில்ல, நின்ன இடத்துல இருந்து ஒரு பார்வை. "என்ன விஷயம்"கிறது மட்டும் யாருக்கும் மறக்காது, படிச்ச புக்கு கதையா வரலாறான்னு குழம்புறவங்க குறைச்சல். சில புக்கு ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், சித்தப்பாகிட்ட தனுஷ்கோடி புயல் பத்தி, 1964 டிசம்பர்ல அடிச்சதே, அதைப் பத்தி கதை மாதிரி எழுதின ஒண்ணு இருந்துச்சு, அதை எங்க வைக்கிறதுன்னு அரை மணி நேரம் வாக்குவாதம். முடிவு, தேடப் போறவர் யாரோ அவர் சொல்ற இடம். அவர் வரலாறுன்னார், வரலாறுல போச்சு.

இந்த முறைல ரெண்டு விதிவிலக்கு வச்சுக்கிட்டோம். ஒண்ணு, பல பாகமா வர்ற நாவல். அஞ்சு பாகத்துக்கும் அஞ்சு கலர் அட்டை போடுறது பதிப்பாளருக்கு ஒரு ஆசை, கலர் வாரியா அடுக்கினா முதல் பாகம் பச்சைல, மூணாம் பாகம் மஞ்சள்ல, நாலாம் பாகம் ஜன்னல் ஓரத்துல. ராத்திரி பதினொரு மணிக்கு மூணாம் பாகத்தை முடிச்சுட்டு நாலை தேடுறவன் கோவத்தை நினைச்சுப் பாருங்க. செட்டை பிரிக்கவே கூடாது, முதல் பாகம் என்ன கலரோ அங்க மொத்த செட்டும் சேர்ந்து நிக்கட்டும், வானவில்ல ஒரு இடத்துல திட்டு விழும், விழட்டும். ரெண்டாவது, வெள்ளைக் கூட்டம். அதுக்குள்ள கலர்னு ஒண்ணு இல்லாததால அதை மட்டும் எழுத்தாளர் பேர் முதல் எழுத்து வச்சு அடுக்கினோம். இனிஷியலை விட்டுட்டு பேரோட எழுத்தை எடுக்கணும், புனைபேர் போட்டிருந்தா புனைபேரையே. அப்புறம் ஒரு ரகசியம், நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு அ ஆ இ ஈ தெரியும், க ச ட த ப வரைக்கும் ஓடும், "ய ர ல வ"க்கு அப்புறம் ழ வா ள வா எது முன்னாடின்னு கேட்டா முழிப்பாங்க. அதனால தட்டு விளிம்புல ஒரு துண்டு பேப்பர்ல அந்த வரிசையை எழுதி ஒட்டிருங்க, நானே பார்த்துக்கிட்டுத்தான் அடுக்குவேன்.

முதுகே இல்லாத புக்குகளும் இருக்கும்ல, நடுவுல ஸ்டேப்ளர் பின் அடிச்ச சின்ன புக்கு, 48 பக்கம் 64 பக்கம் துஆ புக்கு, பாட்டு புக்கு, சமையல் குறிப்பு. பக்கவாட்டுல பார்த்தா ஒரு கோடு மாதிரிதான் தெரியும், அதுல கலரும் இல்ல பேரும் இல்ல. தடிமனான ரெண்டு புக்குக்கு நடுவுல போச்சுன்னா முடிஞ்சது. அதையெல்லாம் மொத்தமா ஒரு அட்டைப் பெட்டில முகம் தெரியுற மாதிரி நிறுத்தி வைங்க, கல்யாண கேசட் கடைல அந்த காலத்துல வச்சிருப்பாங்களே அந்த மாதிரி விரலால தள்ளித் தள்ளி பார்க்கலாம். இதுல முகமே தெரியுறதால கலர் ஞாபகம் இங்க நல்லா வேலை செய்யும்.

கடைசியா நம்ம கரைக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம், இதை ரீல்ஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க. கலர் நிலைச்சு நிக்காது. அட்டை அச்சடிக்கிறது நாலு கலர் மையில, நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. வெயில்ல முதல்ல வெளுக்குறது மஞ்சளும் மெஜந்தாவும்தான், நீலமும் கருப்பும் தாக்குப் பிடிக்கும். மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தாத்தான் சிவப்பு, அதனால சிவப்பு முதுகு வெளுத்து ரோஸாகி, அப்புறம் பழுப்பு வெள்ளையாவே ஆயிரும். பச்சைங்கிறது நீலமும் மஞ்சளும், மஞ்சள் போயிட்டா பச்சை நீலமாயிரும். சித்தப்பா வீட்டு கிழக்கு ஜன்னல்ல கடல் பக்கத்து காலை வெயில் நேரா ஒரு தட்டுல விழும், அங்க இருந்த "ஆரஞ்சு" புக்கை இழுத்து பார்த்தா முன் அட்டை நல்ல ஆரஞ்சு, முதுகு மட்டும் சந்தனம். முதுகுதானே எப்பவும் வெளிய நிக்குது. இதுல இன்னொரு வம்பு, சில வருஷத்துக்கு முன்னாடி ஆரஞ்சுன்னு ஞாபகம் வச்சவர் ஆரஞ்சு தட்டுல தேடுவார், புதுசா அடுக்கினவ இன்னைக்கு தெரியுற கலரை வச்சு வெள்ளைல வச்சிருப்பா, ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல.

அதோட உப்புக்காத்து. வாடைக்காத்து மழை மாசத்துல அட்டை மேல இருக்கிற லேமினேஷன் ஓரத்துல இருந்து உரியும், உரிஞ்ச இடத்துல வெள்ளையா பொரிஞ்சு நிக்கும், ஸ்டேப்ளர் பின் துரு பிடிச்சு பிரவுன் கறை இறங்கும். இரும்பு அலமாரின்னா அடித்தட்டு துரு முதுகோட காலுல ஏறும், புக்குக்கு கீழ ஒரு பிளாஸ்டிக் ஷீட்டாவது போட்டு வைங்க. முதுகுக்கு கலர் ஸ்டிக்கர் ஒட்டி விஷயத்தை பிரிக்கலாம்னு நினைச்சா அது நல்ல ஐடியாதான், அச்சான கலரை நம்புறதை விட நல்லது, ஆனா செலோடேப்போட பக்கம் போகாதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துல பசை இளகி டேப் நகர்ந்து பக்கத்து புக்கோட ஒட்டிக்கும், எடுத்தா அட்டை மேல்தோலோட வரும். பேப்பர் லேபிளை கீழ இருந்து ரெண்டு விரல்கடை உயரத்துல, எல்லாத்துக்கும் ஒரே மட்டத்துல, பசை தடவி ஒட்டுங்க. மட்டம் ஒண்ணா இருந்தாத்தான் கண்ணு ஒரே கோட்டுல ஓடும்.

உங்க கேள்விக்கு நேரா வந்தா, 400 புக்குக்கு ஒரே வானவில் வேண்டாம், ஆனா தங்கச்சி பண்ண வேலையை மொத்தமா கலைக்கவும் வேண்டாம். வாப்பாவை உட்கார வச்சு அவர் வாயாலயே ஆறு குவியலுக்கு பேர் வைக்க சொல்லுங்க, உள்ள கலரை தங்கச்சி பார்த்துக்கட்டும். 80, 100 புக்குக்குள்ள இருக்கிற தனி அலமாரி ஏதாவது இருந்தா, அதுவும் ஒரே ஆள் புழங்குறதா இருந்தா, அதை தாராளமா முழு வானவில்லாவே விட்டுருங்க, அங்க எந்த நஷ்டமும் இல்ல. ஜன்னலுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற தட்டுல நீலமும் கருப்பும் வைங்க, சிவப்பு மஞ்சளை உள் பக்கம் தள்ளுங்க, இல்லாட்டி ஒரு கெட்டித் துணி திரை போடுங்க. சீட்டு டெஸ்ட் மட்டும் மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாத்தி ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, அதே 12 புக்கு பேரை வச்சு பண்ணுங்க, சித்தப்பாவுக்கு ரெண்டாவது தடவை 12ல 10 கிடைச்சுது, கிடைக்காத ரெண்டுல ஒண்ணு நிஜமாவே எதிர் வீட்லதான் இருந்துச்சு.